ஏகே பழகிய கை வேலரன்டில் தடுமாறியது ஏன்: ரீகாயிலும் குண்டுச் சிதறலும் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022-ல் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்த ஒரு சிறிய அணிக்கு நான் பயிற்சி நேரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை எல்லோரும் கவுன்டர்-ஸ்டிரைக் குளோபல் அஃபென்சிவ் என்ற கணினித் துப்பாக்கி விளையாட்டை ஆடியவர்கள். நாங்கள் கலந்துகொள்ள நினைத்த போட்டிகள் அதே வகை விளையாட்டான வேலரன்டில் நடந்ததால் அணி முழுவதும் அங்கே மாறியது. இந்த ஆய்வு அணியில் ஒருவரைப் பற்றியது. அவர் எங்களில் நன்றாகச் சுடுகிறவர். அந்த விளையாட்டில் ஆறு ஆண்டுகளாக ஏகே-47 பிடித்தவர். முப்பது குண்டுகளையும் ஒரே மூச்சில் சுவரில் விட்டால் அவை ஒரு தட்டு அளவுக்குள் விழும். அந்த அளவுக்குக் கை பழகியிருந்தது.

வேலரன்டுக்கு வந்ததும் அவர்தான் அணியில் மோசமாகச் சுட்டார். முதல் குண்டு தலைக்குப் பட்டால் எதிரி விழுவார். படாவிட்டால் அந்த மோதலில் பெரும்பாலும் விழுவது இவர்தான். மூன்று வாரம் கழித்தும் அதில் மாற்றம் இல்லை. "அண்ணா, என் எய்மே போயிடுச்சு" என்று ஒருநாள் சொன்னார். எய்ம் போகவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் என்ன போயிற்று என்று அப்போது என்னாலும் சொல்ல முடியவில்லை.

முதலில் பார்த்து ஒதுக்கியவை

முதல் சந்தேகம் மவுஸ் சென்சிட்டிவிட்டி. ஒரே எண் இரண்டு விளையாட்டிலும் ஒரே வேகத்தைத் தராது. கவுன்டர்-ஸ்டிரைக்கில் சென்சிட்டிவிட்டி 1 என்றால் மவுஸ் எண்ணி அனுப்பும் ஒவ்வொரு சிறு அசைவுக்கும் பார்வை 0.022 பாகை திரும்பும், வேலரன்டில் 0.07 பாகை. ஒன்றை மற்றதால் வகுத்தால் சுமார் 3.18 வரும். பழைய எண்ணை 3.18-ஆல் வகுத்தால் புதிய எண். அவர் 1.2 வைத்திருந்தார், வேலரன்டில் 0.377 போட்டிருந்தார். சரியான கணக்குதான்.

இரண்டாவது சந்தேகம், ஓடிக்கொண்டே சுடுகிறாரா என்பது. இரண்டு விளையாட்டிலும் கால் நகர்ந்தால் குண்டு கண்டபடி போகும். கவுன்டர்-ஸ்டிரைக்கில் அந்தத் துப்பாக்கியோடு ஓடக்கூடிய உச்ச வேகத்தில் சுமார் 34 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் நின்று சுடும் துல்லியம் கிடைக்கும். அதற்காக எதிர்ப்பக்க விசையைத் தட்டி நிற்கும் பழக்கம் அவருக்கு உண்டு, அதை வேலரன்டிலும் செய்துகொண்டிருந்தார். திரைப்பதிவுகளை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் நின்ற பிறகுதான் சுட்டார்.

அப்புறம் மிஞ்சியது ஸ்பிரே மட்டும், அதாவது விசையை விடாமல் தொடர்ந்து சுடுவது.

நான் எடுத்த முதல் முடிவு, அது தவறானது

வேலரன்டில் ஏகே-க்கு இணையாகச் சொல்லப்படுவது வாண்டல். தலைக்குப் பட்டால் எந்தத் தூரத்திலும் 160 சேதம், முழுக் கவசத்தோடு எதிரிக்கு இருக்கும் உயிர்ப்புள்ளிகள் 150. ஆக ஒரே குண்டு போதும். விலையும் உணர்வும் ஏகே-யை நினைவூட்டுவதால் அவர் வாண்டலைத்தான் வாங்குவார். நானும் அதை ஏகே மாதிரியே நினைத்தேன். வாண்டலின் ரீகாயில் பேட்டர்ன், அதாவது தொடர்ந்து சுடும்போது உதைப்பால் குண்டுகள் நகரும் வடிவம், என்று போட்டிருந்த ஒரு படத்தை எடுத்துக்கொடுத்து, தினமும் அரை மணி நேரம் பயிற்சி மைதானத்தின் சுவரில் அதற்கு எதிராக மவுஸை இழுத்துப் பழகச் சொன்னேன்.

இரண்டு வாரம் செய்தார். முன்னேற்றம் இல்லை. இன்னும் மோசம் என்றும் சொல்லலாம். ஒருநாள் குண்டுகள் அழகாக ஒரே இடத்தில் விழும், மறுநாள் அதே கை அசைவில் பாதி குண்டுகள் பக்கத்தில் போகும். "நேத்து வந்துச்சே அண்ணா" என்பார். அந்தப் பேச்சை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். கை மாறாமல் விளைவு மட்டும் நாளுக்கு நாள் மாறினால் காரணம் கைக்கு வெளியே இருக்கிறது.

சுவர்ச் சோதனை

சரி, அடிப்படையிலிருந்து தொடங்குவோம் என்று முடிவு செய்தோம். துப்பாக்கி குறி தவறுவதில் இரண்டு தனித்தனிப் பங்குகள் உண்டு. ஒன்று ரீகாயில். ஒவ்வொரு குண்டுக்கும் குழல் தள்ளப்பட்டு, அடுத்த குண்டு போகும் நடுத்திசை நகர்வது. மற்றது சிதறல். அந்த நடுத்திசையைச் சுற்றி ஒரு கூம்புக்குள் குண்டு எங்கே போகும் என்பதை விளையாட்டு பகடை உருட்டித் தீர்மானிப்பது. முன்னதை எதிர்த்து மவுஸை இழுக்கலாம். பின்னதை எந்தக் கையாலும் இழுக்க முடியாது. கூம்பு சிறியதாக இருக்கும் நேரம் பார்த்துச் சுடுவது ஒன்றுதான் வழி. திரையில் இரண்டும் கலந்து ஒரே தவறாகத் தெரிவதால் வீரருக்குப் பிரித்தறிவது கடினம்.

கவுன்டர்-ஸ்டிரைக்கில் இவற்றைப் பிரித்துப் பார்க்க வசதி இருக்கிறது. உங்கள் கணினியிலேயே தனியாக ஒரு ஆட்டம் திறந்து கன்சோலில் இவற்றைக் கொடுக்கலாம்:

```
sv_cheats 1
sv_infinite_ammo 2
sv_showimpacts 1
weapon_accuracy_nospread 1
```

கடைசி வரி சிதறலை அணைத்துவிடும். இப்போது மவுஸைத் தொடாமல் ஏகே-யை முழுவதும் விட்டால் சுவரில் விழுவது சுத்தமான ரீகாயில் மட்டும். எத்தனை முறை விட்டாலும் புள்ளிகள் அதே இடங்களில் விழும். ஏனென்றால் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு நிலையான விதை எண்ணை வைத்து இந்தத் தள்ளல்களின் பட்டியலை விளையாட்டு முன்கூட்டியே உருவாக்கிக்கொள்கிறது. முதல் ஏழெட்டுக் குண்டுகள் பெரும்பாலும் மேலே ஏறும். அப்புறம் ஒரு பக்கம் சாயும், பிறகு மறுபக்கம் போகும். ஆறு வருடத்தில் அவர் கை மனப்பாடம் செய்திருந்தது இந்தப் பட்டியலைத்தான்.

அடுத்து `weapon_accuracy_nospread 0` கொடுத்துச் சிதறலைத் திரும்ப வைத்துக்கொண்டு `weapon_recoil_scale 0` கொடுத்தோம். ரீகாயில் போய்விட்டது. குறியைச் சுற்றி ஒரு புள்ளித் திரள் மட்டும் விழுந்தது. இழுக்காமலே இத்தனை விலகல் இருக்கிறது என்பதை அவர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். நெடுந்தூரத்தில் இவ்வளவு நாளும் தன் தவறு என்று நினைத்தவற்றில் ஒரு பங்கு இதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலரன்டில் இப்படி ஒரு கட்டளை இல்லை. அதனால் வேறு வழியில் பிரித்தோம். முதல் குண்டுக்கு முன்னால் தள்ளல் எதுவும் நடந்திருக்காது, ஆகவே முதல் குண்டின் விலகல் முழுவதும் சிதறல். நின்றபடி ஒரு குண்டு விட்டு, ஒரு வினாடி காத்திருந்து, மவுஸைத் தொடாமலே அடுத்த குண்டு விட்டோம். இப்படி இருபது. கிடைத்த திரள்தான் வாண்டலின் முதல்குண்டுச் சிதறல்.

அப்புறம் ஸ்பிரே. மவுஸை நகராதபடி மேசையோடு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முழு மேகசினையும் சுவரில் விட்டோம். தடயங்கள் மறைவதற்குள் திரையைப் படம் எடுத்தோம். ஆறு முறை செய்து, ஆறு படங்களையும் பாதி ஒளிபுகும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தோம். மேலே ஏறும் பகுதி ஆறிலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தியது. ஏற்றம் முடிந்த பிறகு பொருத்தம் போய்விட்டது. சில படங்களில் வால் இடப்பக்கம் போனது, சிலவற்றில் வலப்பக்கம். ஒன்றில் இடம் போய் நடுவில் திரும்பி வலம் வந்தது.

வேலரன்டின் அமைப்பு அப்படி. செங்குத்துத் தள்ளல் ஏறக்குறைய நிலையானது. பக்கவாட்டுத் தள்ளல் எப்போது திசை மாறும் என்பதில் பகடை இருக்கிறது. நான் கொடுத்த "பேட்டர்ன் படம்" எத்தனையோ முறைகளில் ஒரு முறை விழுந்த வடிவம் மட்டுமே. இரண்டு வாரம் அவர் ஒரு தற்செயலை மனப்பாடம் செய்திருக்கிறார். அந்த நேரத்தை அவரிடமிருந்து எடுத்தது என் கவனக்குறைவு.

ஒரே பக்கம் விழுந்த குண்டுகள்

இதுவரை வந்த விளக்கம் பாதிதான். பக்கவாட்டில் பகடை இருந்தால் குண்டுகள் இரண்டு பக்கமும் சமமாகத் தவற வேண்டும். ஆனால் ஆட்டப் பதிவுகளில் அவருடைய நீண்ட ஸ்பிரேக்களைப் பார்த்தால் தவறியவை பெரும்பாலும் எதிரியின் ஒரே பக்கத்தில் போயிருந்தன.

இந்த ஒரு கவனிப்புதான் திருப்புமுனை என்பேன். பகடையால் வரும் தவறு இருபக்கமும் விழும். கையால் வரும் தவறு ஒரு பக்கம் சாயும். சாய்வு தெரிந்தால் அங்கே பழக்கம் ஒன்று வேலை செய்கிறது என்று பொருள்.

பயிற்சி மைதானத்தில் கைபேசியால் அவர் கையைப் படமெடுத்தோம். முதல் ஏழெட்டுக் குண்டுவரை மவுஸ் நேராகக் கீழே வந்தது. அதன் பிறகு, திரையில் குண்டு எந்தப் பக்கம் போனாலும் சரி, மவுஸ் ஏகே-யின் முதல் சாய்வுக்கு எதிர்ப்பக்கம் நகர்ந்தது. அவர் அதை உணரவே இல்லை. கைபேசியில் காட்டியதும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். வராத ஒரு தள்ளலைக் கை முன்கூட்டியே திருத்திக்கொண்டிருந்தது. வாண்டல் தற்செயலாக அந்தப் பக்கம் போனால் எல்லாம் பொருந்தும், "நேத்து வந்துச்சே" நாள் அதுதான். மறுபக்கம் போனால் இரண்டு விலகலும் கூடி குண்டு தோளுக்கு வெளியே போகும்.

அணியில் மூத்தவர் சொன்னது

எங்கள் அணியில் ஒருவர் முப்பதைக் கடந்தவர். ஊரில் பிரவுசிங் சென்டரில் பழைய பதிப்பான கவுன்டர்-ஸ்டிரைக் 1.6 ஆடிப் பழகியவர். குளோபல் அஃபென்சிவில் ஏகே ஸ்பிரே அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை. ஆனால் வேலரன்டில் முதல் வாரமே இயல்பாகச் சுட்டார். இது எனக்குப் புதிராக இருந்தது.

நம் ஆள் அவரிடமே கேட்டார்: "அண்ணே, உங்களுக்கு மட்டும் எப்படி வருது?"

"தம்பி, 1.6-ல துப்பாக்கி எந்தப் பக்கம் போகும்னு யாருக்கும் தெரியாது. மூணு குண்டுக்கு மேல நாங்க நம்பறதில்ல."

அவர் சொன்னது நினைவில் மிச்சமிருந்த உணர்வு மட்டுமல்ல, 1.6-ன் நிரலிலும் அதுதான் இருக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் ஓடும் `KickBack` என்ற செயல்பாட்டில் இந்த இரண்டு வரிகள் வரும்:

```
if (!RANDOM_LONG(0, direction_change))
    m_iDirection = !m_iDirection;
```

நின்று சுடும் ஏகே-க்கு அந்த `direction_change` மதிப்பு 8. பூஜ்ஜியம் முதல் எட்டுவரை ஒன்பது எண்களில் ஒன்றை விளையாட்டு எடுக்கிறது, பூஜ்ஜியம் வந்தால் பக்கவாட்டுத் திசை திரும்பிவிடும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒன்பதில் ஒரு வாய்ப்பு. இதற்கு மேல் சிதறலும் வேகமாக வளரும். தொடர்ந்து விட்ட குண்டுகளின் எண்ணிக்கையை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தி 200-ஆல் வகுத்து 0.35-ஐக் கூட்டுகிறது, 1.25-ல் நிறுத்துகிறது. ஆறு குண்டு போனதும் உச்சவரம்பைத் தொட்டுவிடும். இந்த எண் எவ்வளவு பெருகுகிறதோ அவ்வளவு கூம்பும் அகலும். மூன்று குண்டுக்கு மேல் நம்பாதது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

ஆக, ஒரே பெயர் கொண்ட இரண்டு விளையாட்டுகளின் ஏகே-க்களில் பழையதுதான் வாண்டலுக்கு நெருங்கிய உறவு. பெயரையும் படத்தையும் பார்த்து "இது அதே துப்பாக்கி" என்று எடுத்துக்கொண்ட நானும் அவரும் தவறான முன்மாதிரியைப் பிடித்திருந்தோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பக்கவாட்டு இழுப்பை முழுவதுமாக நிறுத்துவது. இதற்காக ஒரு பயிற்சி வைத்தோம். ஸ்பிரே விடும்போது மவுஸ் நேராகக் கீழே மட்டும் வரவேண்டும். பக்கவாட்டில் குண்டு போகட்டும், விட்டுவிடலாம். கை தானாகப் பக்கம் நகர்ந்தால் அந்த ஸ்பிரேயை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். எதிரி மிக அருகில் இருக்கும்போது மட்டும், குண்டுகள் எந்தப் பக்கம் போகின்றன என்று கண்ணால் பார்த்து அதற்கேற்பக் கொஞ்சம் நகர்த்தலாம். நினைவிலிருந்து நகர்த்தக் கூடாது, கண்ணில் பட்ட பிறகே நகர்த்த வேண்டும்.

இரண்டாவது, தூரத்தைப் பார்த்துச் சுடும் விதத்தை மாற்றுவது. இங்கே கணக்கு உதவியது. 2022-ல் வாண்டலின் முதல்குண்டுச் சிதறல் நின்றபடி சுட்டால் 0.25 பாகை. 10 மீட்டரில் இது நடுவிலிருந்து சுமார் 4.4 சென்டிமீட்டர் விலகல். 30 மீட்டரில் 13 சென்டிமீட்டர், 50 மீட்டரில் ஏறக்குறைய 22. சாதாரண மனிதத் தலையின் அகலம் 15 சென்டிமீட்டர் போல, அதாவது நடுவிலிருந்து விளிம்பு ஏழரை. 10 மீட்டரில் குறி சரியாக இருந்தால் முதல் குண்டு தவற வழியில்லை. 30 மீட்டரில் குறி மிகச் சரியாக இருந்தாலும் குண்டு தலைக்கு வெளியே போகலாம். இது முதல் குண்டின் கணக்கு மட்டும், தொடர்ந்து சுடச்சுடக் கூம்பு இன்னும் விரியும்.

அதனால் அருகில் ஸ்பிரே, நடுத்தூரத்தில் மூன்று நான்கு குண்டுகள் விட்டு அரை வினாடி போல நிறுத்தி மறுபடி, தூரத்தில் ஒவ்வொன்றாக டேப் என்று பிரித்தோம். நிறுத்தும் நேரம் முக்கியம். அவர் கவுன்டர்-ஸ்டிரைக் வேகத்தில் அவசரமாக அடுத்த குண்டை விடுவார். தள்ளலும் சிதறலும் பழைய நிலைக்குத் திரும்புமுன் விட்ட குண்டு, பெயருக்கு டேப் என்றாலும் உண்மையில் மெதுவான ஸ்பிரேதான். திரை நடுவில் குறியைக் காட்டும் கோடுகளான கிராஸ்ஹேருக்கு வேலரன்டின் அமைப்பில், சுடும்போது அவை விரிவதைக் காட்டும் வசதி உண்டு. நன்றாக ஆடுபவர்கள் பலர் அதை அணைத்து வைப்பார்கள். அவரை ஒரு மாதம் அதைப் போட்டு வைக்கச் சொன்னேன். கோடுகள் மூடுவதைக் கண் பார்க்கும்வரை விரல் காத்திருக்கப் பழகட்டும் என்பதற்காக.

மூன்றாவது முடிவு அவருக்கு மிகவும் கடினமாக இருந்தது. தூரத்தில் முதல் குண்டு தவறினால் குறியை நகர்த்தக் கூடாது. தலையில் வைத்து விட்ட குண்டு காதுக்குப் பக்கத்தில் போனால் எல்லோருக்கும் கை தானாக மறுபக்கம் போகும். ரீகாயிலால் போன குண்டென்றால் அது சரியான திருத்தம். சிதறலால் போனதென்றால் தவறு. போன குண்டின் பகடைக்கும் வரப்போகும் குண்டின் பகடைக்கும் தொடர்பில்லை. குறி முதலில் சரியாகத்தான் இருந்தது, இப்போது நாமே அதைக் கெடுத்துவிட்டோம். இப்படி ஒவ்வொரு தவறுக்கும் அதே அளவு எதிர்ப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனால், புதிய பகடையோடு பழைய பகடையும் சேர்ந்துகொள்ளும். குண்டுகள் பரவும் பரப்பு சும்மா வைத்திருந்ததைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காகும். இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகுதான் அவர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகும் விரல் கேட்க இரண்டு வாரம் ஆனது.

துப்பாக்கித் தேர்வையும் பேசினோம். வேலரன்டின் இன்னொரு துப்பாக்கியான ஃபான்டம் வினாடிக்கு 11 குண்டுகள் விடும், வாண்டல் 9.75. ஃபான்டத்தின் முதல்குண்டுச் சிதறல் 0.2 பாகை, மேகசினில் 30 குண்டுகள், வாண்டலில் 25. ஸ்பிரேயை நம்புகிறவருக்கு ஃபான்டம்தான் ஏற்றது. ஆனால் அன்றைய அமைப்பில் 15 மீட்டரைத் தாண்டினால் தலைக்குப் பட்டாலும் 140-க்கு மேல் சேதம் இல்லை, முழுக் கவசத்தோடு இருக்கும் எதிரி பிழைத்துக்கொள்வார். குறுகிய வழிகளைக் காக்கும் சுற்றுகளில் ஃபான்டம், நீண்ட பார்வை உள்ள இடங்களில் வாண்டல் என்று ஏற்பாடு செய்தோம். அவர் அரைமனதோடு சம்மதித்தார்.

நடுவில் ஏபெக்ஸ்

அந்த வாரங்களில் பயிற்சி முடிந்து அணி இளைப்பாற ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஆடும். திட்டமிட்டு வைத்ததல்ல, ஆனால் இந்த ஆய்வுக்கு அது மூன்றாவது ஒப்பீடாக அமைந்தது.

ஏபெக்ஸில் ஆர்-301 போன்ற தானியங்கித் துப்பாக்கியை ஸ்கோப்பில் பார்த்துச் சுட்டால் சிதறல் மிகக் குறைவு. தவறுவதில் ஏறக்குறைய எல்லாமே ரீகாயில்தான், அதன் வடிவமும் பெரும்பாலும் நிலையானது. அப்படியானால் அவருடைய கவுன்டர்-ஸ்டிரைக் கைக்கு அது வீடு மாதிரி இருந்திருக்க வேண்டும். முதல் நாள் அப்படி இல்லை. குண்டுகள் எதிரியின் காலடியில் விழுந்தன.

காரணம் கேமரா. கவுன்டர்-ஸ்டிரைக்கில் குழல் ஏறும் அளவுக்குப் பார்வை ஏறாது. `view_recoil_tracking` என்ற மாறியின் மதிப்பு 0.45. குண்டின் திசை 10 பாகை ஏறினால் பார்வை சுமார் நாலரைதான் ஏறும். ஆகவே ஸ்பிரேயின் நடுவில் கிராஸ்ஹேர் காட்டும் இடத்தில் குண்டு போகாது, அதற்கு மேலே போகும். அந்த விளையாட்டில் தேர்ந்தவர் கிராஸ்ஹேரை எதிரியின் கீழே இறக்கி வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தைக் கையால் பின்தொடர்கிறார். ஏபெக்ஸில் குண்டு ஸ்கோப்பின் புள்ளி இருக்கும் இடத்துக்கே போகும், துப்பாக்கி உதைத்தால் பார்வையும் சேர்ந்து உதைக்கும். புள்ளியை எதிரியின்மேல் வைத்திருந்தாலே போதும். இவர் பழக்கத்தில் புள்ளியைக் கீழே இறக்கினார், குண்டுகளும் கீழே போயின.

"கையை மறந்துட்டுப் புள்ளியை மட்டும் பாரு" என்று சொன்னேன். ஒரே மாலையில் சரியாகிவிட்டது. அன்று இரவு முதல்முறையாக அவர் முகத்தில் தெளிவு வந்தது. அன்றைய ஏபெக்ஸில் முழு ஊதாக் கவசம் உள்ள எதிரிக்கு மொத்தம் 200 உயிர்ப்புள்ளிகள், ஆர்-301 உடலுக்குத் தந்த சேதம் 14. பதினைந்து குண்டுகள் பட வேண்டியிருந்தது, அதற்கு ஒரு வினாடி போல ஆனது. அவ்வளவு நேரம் ஸ்பிரேயைப் பிடித்திருக்கும் திறமைக்கு அங்கே வேலை இருக்கிறது. வேலரன்டில் அதே திறமையைக் காட்ட வாய்ப்பே வராது.

அதே 2022 ஜூனில் ரஸ்ட் விளையாட்டு தன் துப்பாக்கிகளின் ரீகாயிலை மாற்றியதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. அதுவரை அங்கே ஏகே-க்கு நிலையான கடினமான வடிவம் இருந்தது. பல நூறு மணி நேரம் பழகியவர்கள் அதை வசப்படுத்தினார்கள். ஆனால் நிலையான வடிவத்தை மவுஸை நகர்த்தும் ஒரு சிறிய ஸ்கிரிப்டும் பிசகாமல் திருப்பிச் செய்துவிடும். மாற்றத்துக்குப் பிறகு வடிவத்தில் பகடை வந்தது. அணியில் இதைப் பற்றி இரவு முழுக்க வாக்குவாதம் நடந்தது. நம் ஆள் பழைய முறையின் பக்கம் நின்றார். உழைத்துப் பெற்ற ஒன்றை ஒரே நாளில் இழந்தவர்களின் வலி அவருக்குப் புரிந்திருந்தது.

தொடர்ந்து நடந்தவை

முடிவுகளை நடைமுறைப்படுத்தி ஏறக்குறைய ஐந்து வாரம் கழித்து மறுபடி பதிவுகளைப் பார்த்தோம். தவறிய ஸ்பிரேக் குண்டுகள் இப்போது இருபக்கமும் விழுந்தன. குறை முழுவதும் போகவில்லை, ஆனால் சாய்வு போய்விட்டது. நடுத்தூர மோதல்களில் அவர் நான்காவது குண்டோடு நிறுத்துவதும், சுவருக்குப் பின்னால் ஒதுங்கி மறுபடி எட்டிப்பார்ப்பதும் பதிவில் தெரிந்தது. முன்பு அதே இடத்தில் நின்றபடி பதினைந்து குண்டு விடுவார்.

தூரத்து டேப்பில்தான் முன்னேற்றம் மெதுவாக வந்தது. குறியை நகர்த்தாமல் இருப்பதைச் சாதாரண ஆட்டங்களில் செய்தார். போட்டியில் நெருக்கடி வந்தால் பழைய திருத்தம் திரும்ப வந்தது. ஃபான்டம் ஏற்பாடு நிலைக்கவே இல்லை. ஒரே குண்டில் விழவேண்டிய எதிரி 10 உயிர்ப்புள்ளிகளோடு தப்பித்த ஒரு சுற்றுக்குப் பிறகு அவர் வாண்டலுக்கே திரும்பிவிட்டார். அதை நான் தடுக்கவில்லை. துப்பாக்கியை நம்பாமல் பிடிப்பவர் நிறுத்தும் நேரத்தையும் அவசரப்படுத்துவார் என்பது என் கணிப்பு.

எதிர்பாராத விளைவு ஒன்றும் வந்தது. பழைய நண்பர்களோடு குளோபல் அஃபென்சிவ் ஆடப் போனவர் வருத்தத்தோடு திரும்பினார். ஏகே ஸ்பிரேயின் பின்பாதி கையை விட்டுப் போயிருந்தது. பக்கவாட்டு இழுப்பைக் கையிலிருந்து எடுக்கச் சொன்னது நான்தான், அது எங்கே தேவையோ அங்கேயும் போய்விட்டது. சிதறலை அணைத்த சுவரில் இரண்டு மாலை பழகியதும் திரும்பி வந்தது.

மறுபடி செய்தால் மாற்றுவது

முதல் நாளே மவுஸைத் தொடாமல் ஆறு ஸ்பிரேக்களை விட்டுப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பேன். அரை மணி நேர வேலை. ஆறும் பொருந்தினால் வடிவத்தைப் பழகலாம். பொருந்தாத இடத்தோடு பழகுவதை நிறுத்திவிடலாம். இணையத்தில் கிடைக்கும் எந்தப் பேட்டர்ன் படத்தையும் இந்தச் சோதனை இல்லாமல் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

பழைய விளையாட்டை விட்டுவிடச் சொல்லாமல், ஒவ்வொரு வாரமும் ஒரு மாலை அதற்கு ஒதுக்குவேன். இரண்டு கைப்பழக்கங்களும் தனித்தனியாக இருக்க முடியும் என்பதை இப்போது அவரே காட்டிக்கொண்டிருக்கிறார். வேலரன்ட் தொடங்குமுன் சுவரில் மூன்று முறை நேராகக் கீழே இழுத்துப் பார்க்கிறார், கவுன்டர்-ஸ்டிரைக் தொடங்குமுன் ஏகே-யின் முழு வடிவத்தையும் ஒருமுறை வரைந்து பார்க்கிறார். ஏபெக்ஸுக்கு முன்னால் எதுவும் செய்வதில்லை, புள்ளியைப் பார்த்தால் போதும் என்கிறார்.